காமன்ல இருந்து லெஜண்டரி வரைக்கும்: கேம்ல லூட் ரேரிட்டி செட் பண்றது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லெஜண்டரிக்கு எத்தனை பர்சன்ட் வைக்கணும்? சுத்தி வளைக்காம ஒரு நம்பர் சொல்லுங்க.

பர்சன்ட்ல ஆரம்பிச்சா எந்த நம்பர் போட்டாலும் தப்பாத்தான் போகும். ஆடறவனுக்கு பர்சன்ட் தெரியாது, "எவ்ளோ நேரம் ஆடினா ஒண்ணு கிடைக்குது" அதுதான் அவனுக்குத் தெரியும். அதனால முதல்ல நேரத்தை முடிவு பண்ணிட்டு அங்கிருந்து பின்னாடி கணக்கு போட்டு வாங்க.

ஒரு ஆக்ஷன் ஆர்பிஜி பண்றீங்கன்னு வெச்சுக்குவோம், இந்தப் பக்கம் முழுக்க இதே கேமைத்தான் உதாரணமா எடுத்துக்கப் போறேன். ஒரு சராசரி ஆள் மணிக்கு 400 மான்ஸ்டரைக் கொல்றான். ஒரு மான்ஸ்டர் செத்தா ஏதாவது ஒரு ஐட்டம் விழறதுக்கு 15% சான்ஸ். அப்போ மணிக்கு 60 ஐட்டம் கீழ விழுது. லெஜண்டரி சராசரியா 3 மணி நேரத்துக்கு ஒண்ணு வரணும்னு நினைக்கிறீங்க, அதாவது ஒரு சாயங்காலம் முழுக்க உக்காந்து ஆடினா ஒண்ணு. 3 மணி நேரத்துல 180 ஐட்டம் விழும், அதுல ஒண்ணு லெஜண்டரி. 180-ல 1, அதாவது 0.56%. இதுதான் உங்க நம்பர்.

இதே 0.56%-ஐ மணிக்கு 6 ஐட்டம் மட்டுமே விழற கேம்ல போட்டா 30 மணி நேரத்துக்கு ஒண்ணுதான் வரும். இன்னொரு கேம்ல இருந்து டிராப் ரேட்டை அப்படியே எடுத்துட்டு வந்து போடறவங்க மாட்டிக்கிறது இங்கதான், பர்சன்ட் ஒண்ணுதான் ஆனா அங்க எவ்ளோ ஐட்டம் விழுதுங்கறது வேற.

எத்தனை டயர், அதாவது எத்தனை ரேரிட்டி படி வைக்கலாம்? கலர் எல்லாம் கட்டாயமா இப்படித்தான் இருக்கணுமா?

சட்டம் ஒண்ணும் இல்ல, பழக்கம்தான். சாம்பல், வெள்ளை, பச்சை, நீலம், ஊதா, ஆரஞ்சுங்கற வரிசை 2004-ல வந்த வேர்ல்ட் ஆஃப் வார்க்ராஃப்ட்லதான் எல்லார் மண்டையிலயும் பதிஞ்சுது. அதுக்கு முன்னாடி 2000-ல வந்த டயாப்லோ 2-ல நீலம் மேஜிக், மஞ்சள் ரேர், பச்சை செட், தங்கக் கலர் யூனிக்னு வேற வரிசை. இன்னைக்கு ஆடறவன் ஊதாவைப் பார்த்ததும் "நீலத்தை விட பெருசு"ன்னு யோசிக்காமலே எடுத்துக்கறான், அதனால வேற காரணம் இல்லன்னா இந்த வரிசையை மாத்தாதீங்க, மாத்தினா முதல் ரெண்டு மணி நேரம் அவன் தப்பான ஐட்டத்தைத் தூக்கிப் போட்டுட்டு உங்களைத் திட்டுவான்.

எண்ணிக்கை அஞ்சு போதும். அதுக்கு மேல வேணும்னா ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க, இந்த டயர் ஐட்டம் கீழ விழுந்தா ஆடறவன் வேற மாதிரி ஏதாவது பண்ணுவானா? காமனை அப்படியே விட்டுட்டுப் போவான், அன்காமனை வித்துடுவான், ரேரை எடுத்து கம்பேர் பண்ணுவான், எபிக்கைப் போட்டுப் பாப்பான், லெஜண்டரிக்காக மொத்த பில்டையே மாத்துவான். அஞ்சுக்கும் அஞ்சு விதமான நடத்தை. ஆறாவதா "மித்திக்"னு ஒண்ணு போட்டு அதுக்கும் லெஜண்டரி மாதிரியேதான் நடந்துக்கறான்னா அது டயர் இல்ல, வெறும் பெயிண்ட்.

இன்னொண்ணு, கலரை மட்டும் நம்பாதீங்க, பச்சையும் ஆரஞ்சும் வித்தியாசம் தெரியாத கண்ணு நிறைய பேருக்கு இருக்கு. லெஜண்டரி விழுந்தா ஒரு தனி சத்தம், மேல நோக்கி ஒரு ஒளிக்கம்பம்னு சேர்த்து வைங்க.

சரி, அந்த 180-ல 1-ஐ கோடுல எப்படி எழுதறது? மத்த டயருக்கு என்ன போடறது?

பர்சன்டா எழுதாதீங்க, வெயிட்டா எழுதுங்க. பர்சன்டா எழுதினா எல்லாம் கூட்டி 100 வந்தே ஆகணும், ஒண்ணை மாத்தினா மத்த நாலையும் தொடணும், யாராவது ஒருத்தர் ராத்திரி ரெண்டு மணிக்கு மாத்திட்டு 100.4-ல விட்டுட்டுப் போவாங்க. வெயிட்ல அந்தத் தொல்லை இல்ல, எல்லா வெயிட்டையும் கூட்டினா வர்றதுதான் மொத்தம், அதுல ஒவ்வொண்ணோட பங்குதான் சான்ஸ்.

நம்ம கேமுக்கு மொத்தம் 1800 வர்ற மாதிரி பிரிச்சா லெஜண்டரி 10, எபிக் 40, ரேர் 140, அன்காமன் 430, மீதி 1180 காமன். மணிக்கு 60 ஐட்டம்னு பார்த்தா காமன் 39 சொச்சம், அன்காமன் 14, ரேர் கிட்டத்தட்ட 5, எபிக் ஒண்ணு சில சமயம் ரெண்டு, லெஜண்டரி 3 மணி நேரத்துக்கு ஒண்ணு. இப்படி மணிக் கணக்கா மாத்திப் படிச்சுப் பாருங்க, அப்பதான் "13 நிமிஷத்துக்கு ஒரு ரேர் வருது, சரியா இருக்கு"ன்னு மனசுல பிடிபடும். கோடு இவ்ளோதான்:

```python
import random

WEIGHTS = [("legendary", 10), ("epic", 40), ("rare", 140),
           ("uncommon", 430), ("common", 1180)]

def roll_rarity():
    n = random.randrange(sum(w for _, w in WEIGHTS))
    for name, w in WEIGHTS:
        if n < w:
            return name
        n -= w
```

0-ல இருந்து 1799 வரைக்கும் ஒரு நம்பர் எடுக்குது. 10-க்குக் கீழ இருந்தா லெஜண்டரி, இல்லன்னா 10-ஐக் கழிச்சுட்டு அடுத்ததைப் பாக்குது. லிஸ்ட்டோட வரிசை எப்படி மாறினாலும் சான்ஸ் மாறாது, அதான் இந்த முறையோட அழகு. இது டயரை மட்டும்தான் முடிவு பண்ணுது, அந்த டயருக்குள்ள எந்த ஐட்டம்ங்கறதுக்கு இன்னொரு ரோல். ஆன்லைன் கேம்னா இந்த ஃபங்ஷன் சர்வர்லதான் ஓடணும், ஆடறவன் போன்ல ஓடவிட்டா ஒரு வாரத்துல எல்லார் கையிலயும் ஆரஞ்சு லெஜண்டரி இருக்கும்.

எதுக்கு முதல்ல டயர், அப்புறம் ஐட்டம்னு ரெண்டு தடவை ரோல் பண்றீங்க? எல்லா ஐட்டத்தையும் ஒரே லிஸ்ட்ல போட்டு ஆளுக்கொரு வெயிட் கொடுத்தா ஆகாதா?

ஆகும், முதல் நாள் நல்லாவே ஓடும். பிரச்சனை ரெண்டாவது அப்டேட்ல வரும்.

ஒரே லிஸ்ட்ல 118 காமன் ஐட்டம் இருக்கு ஒவ்வொண்ணுக்கும் வெயிட் 10, 20 லெஜண்டரி இருக்கு ஒவ்வொண்ணுக்கும் 0.5, நடுவுல இருக்கறதெல்லாம் அதே மாதிரின்னு வைங்க. மொத்தம் அதே 1800 வருது, சான்ஸும் அதேதான். இப்ப ஆர்ட் டீம் ஆர்வமா 60 புது காமன் கத்தி, கேடயம் எல்லாம் வரைஞ்சு கொடுக்கறாங்க, நீங்களும் தலா 10 போட்டு லிஸ்ட்ல சேர்க்கறீங்க. மொத்தம் 2400 ஆயிடுச்சு. லெஜண்டரியை யாரும் தொடவே இல்ல, ஆனா 180-ல 1 இருந்தது 240-ல 1 ஆயிடுச்சு, 3 மணி நேரம் 4 மணி நேரமாச்சு. பேட்ச் நோட்ல ஒரு வரி கூட இருக்காது, ஆடறவங்க மட்டும் "சைலண்டா நெர்ஃப் பண்ணிட்டாங்க"ன்னு கத்துவாங்க, நீங்க சத்தியம் பண்ணி இல்லன்னு சொல்வீங்க, ஆனா அவங்க சொல்றதுதான் சரி.

டயரைத் தனியா ரோல் பண்ணிட்டு, அந்த டயருக்குள்ள இருக்கற ஐட்டம்ல ஒண்ணைத் தனியா எடுத்தா இந்தக் கசிவே வராது. காமன் எத்தனை சேர்த்தாலும் அது காமனோட பங்குக்குள்ளேயே அடிச்சுக்கும்.

ஆனா இதுல ஒரு ஓட்டை இருக்கு. லெவல் 3-ல ஒருத்தனுக்கு லெஜண்டரி ரோல் ஆயிடுச்சு, ஆனா லெவல் 3-க்கு ஏத்த லெஜண்டரியே உங்க கேம்ல இல்லன்னா என்ன பண்றது? காலி லிஸ்ட்ல இருந்து எடுக்கப் பாத்து கேம் கிராஷ் ஆகும், இல்ல ஒண்ணுமே விழாம போகும். "இந்த டயர்ல எதுவும் இல்லன்னா ஒரு படி கீழ இறங்கு"ன்னு ஒரு ரூல் முன்னாடியே எழுதி வெச்சுடுங்க.

டயாப்லோ 2-ல வேற மாதிரி இருக்குன்னு சொல்றாங்களே, அதுல எப்படி?

தலைகீழா. அதுல முதல்ல என்ன பொருள்னு முடிவாகுது, அதுக்கப்புறம்தான் அது எந்தத் தரம்னு முடிவாகுது.

ஒவ்வொரு மான்ஸ்டருக்கும் ட்ரெஷர் கிளாஸ்னு ஒரு லிஸ்ட் ஒட்டியிருக்கும். அந்த லிஸ்ட்லயும் வெயிட்தான், அதுல ஒரு வரியே "ஒண்ணும் விழாது"ங்கறது, அதுக்கு நோ-டிராப்னு பேர். கேம்ல ஆளு கூடக் கூட இந்த நோ-டிராப் வெயிட் குறையும். தனியா ஆடறவங்க கூட `/players 8` அடிச்சுட்டு ஆடறது இதுக்குத்தான், மான்ஸ்டர் உயிர் கூடும் ஆனா வெறுங்கையா போறது குறையும். லிஸ்ட்ல இருந்து ஒரு சாதாரண தொப்பியோ வாளோ தேர்வாகும். அதுக்கப்புறம் வரிசையா சோதனை: இது யூனிக்கா? இல்லன்னா செட்டா? அதுவும் இல்லன்னா ரேரா? அப்புறம் மேஜிக்கா? எதுலயும் பாஸ் ஆகலன்னா சாதா ஐட்டம்.

இந்த வரிசைல ரெண்டு விஷயம் கவனிக்கணும். ஒண்ணு, இங்க வரிசை முக்கியம், ரேரோட சான்ஸ்ங்கறது "யூனிக்கும் செட்டும் ஃபெயில் ஆன மிச்சத்துல" எவ்ளோங்கறது, வெயிட் டேபிள் மாதிரி நேரா படிக்க முடியாது. ரெண்டாவது, யூனிக் பாஸ் ஆயிடுச்சு ஆனா அந்தப் பொருளுக்கு அந்த லெவல்ல யூனிக்கே கிடையாதுன்னா அது ரேரா இறங்கி விழும், ஆனா மூணு மடங்கு ட்யூரபிலிட்டியோட. அதே மாதிரி செட் பாஸ் ஆகியும் அந்தப் பொருளுக்கு செட்டே இல்லன்னா மேஜிக்கா ரெண்டு மடங்கு ட்யூரபிலிட்டியோட விழும். பழைய ஆளுங்க மஞ்சள் ஐட்டத்தோட ட்யூரபிலிட்டியைப் பார்த்து "சே, இது யூனிக்கா வரவேண்டியது"ன்னு நொந்துக்கறது இதனாலதான். நான் மேல சொன்ன "ஒரு படி கீழ இறங்கு" ரூலோட 2000-ஆம் வருஷத்து வடிவம் இது, கூடவே ஒரு சின்ன ஆறுதல் பரிசும்.

எது நல்லதுன்னு கேட்டா, லட்சக்கணக்குல பொருள் கொட்டற கேமுக்கு டயாப்லோ முறை ஒத்துவரும், குகைல தொப்பி விழும் கோட்டைல வாள் விழும்னு இடத்துக்கு ஒரு குணம் கொடுக்கலாம். சின்ன டீம், கையால வரைஞ்ச 150 ஐட்டம்னா டயர் முதல்ல, ஐட்டம் அப்புறம். அதான் கணக்கு கையை விட்டுப் போகாது.

180-ல 1 வெச்சிருக்கோம், 12 மணி நேரம் ஆடியும் ஒண்ணு கூட வரலன்னு ஒருத்தர் சண்டை போடறார். பக் தானே?

அது பக்-ஆ இருக்கணும்னு அவசியம் இல்ல, அவர் பொய் சொல்றார்னும் இல்ல. தாயக்கட்டைக்கு போன தடவை என்ன விழுந்துச்சுன்னு ஞாபகம் இருக்காதே, அதே கதைதான். 180 ஐட்டம் விழுந்துடுச்சேன்னு 181-வது ஐட்டத்துக்கு எந்த அக்கறையும் கிடையாது.

கணக்கைப் பாருங்க. ஒரு ஐட்டம் லெஜண்டரியா இல்லாம போற சான்ஸ் 179/180. இதை 180 தடவை பெருக்கினா கிட்டத்தட்ட 37% வரும். அதாவது "சராசரியா 3 மணி நேரம்"னு நீங்க சொல்ற கேம்ல மூணு மணி நேரம் முடியும்போது நூத்துக்கு 37 பேர் கையில ஒண்ணும் இல்ல. 6 மணி நேரத்துல 13 சொச்சம் பேர், 9 மணி நேரத்துல 5 பேர், 12 மணி நேரத்துல ரெண்டுக்குக் கொஞ்சம் கீழ. உங்க கேமை 10,000 பேர் ஆடறாங்கன்னா 12 மணி நேரம் ஆடியும் வெறுங்கையோட இருக்கறவங்க சுமார் 180 பேர். லெஜண்டரி கிடைச்சவன் சந்தோஷமா ஆடிட்டு இருப்பான், வந்து எழுதறது இந்த 180 பேர்தான், நீங்க படிக்கறது முழுக்க அவங்க கதையைத்தான்.

அதனால டிசைன் பண்ணும்போது சராசரியை மட்டும் பார்க்காதீங்க, கடைசி 5% பேருக்கு என்ன நடக்குதுன்னு பாருங்க. 9 மணி நேரம் வெறுங்கையா இருக்கறது உங்க கேமுக்கு ஓகேவா? ஓகேன்னா விட்டுடுங்க. இல்லன்னா பிட்டி வேணும்.

பிட்டின்னா என்ன, அதைப் போட்டா டிராப் ரேட் கெட்டுப் போயிடாதா?

ரொம்ப நேரமா ஒண்ணும் வராதவனுக்கு ஒரு கட்டத்துல கேமே இரக்கப்பட்டு கொடுத்துடறது. ரெண்டு விதம். ஹார்ட் பிட்டின்னா இத்தனாவது தடவை கண்டிப்பா. சாஃப்ட் பிட்டின்னா ஒரு எல்லை தாண்டினதும் சான்ஸ் மெல்ல மெல்ல ஏறும்.

ரேட் மாறுமான்னா, மாறும், இதை நிறைய பேர் கவனிக்கறது இல்ல. நம்ம கேம்ல 360-வது ஐட்டம் கண்டிப்பா லெஜண்டரின்னு ஒரு ஹார்ட் பிட்டி போடறோம். துரதிர்ஷ்டசாலிகளோட நீண்ட வாலை வெட்டிட்டதால சராசரியும் கீழ இறங்குது, 180-க்கு ஒண்ணுங்கறது சுமார் 156-க்கு ஒண்ணு ஆயிடுது. அதாவது யாருக்கும் சொல்லாம லெஜண்டரியை மலிவாக்கிட்டீங்க. திரும்ப 180-க்கு கொண்டுவரணும்னா வெயிட்டை 10-ல இருந்து 8-ஆ குறைக்கணும், அப்ப சராசரி கிட்டத்தட்ட சரியா 180-ல வந்து நிக்கும். ஆனா இதுக்கும் ஒரு விலை இருக்கு, அஞ்சு லெஜண்டரில ஒண்ணு அதிர்ஷ்டத்துல வராம பிட்டிலதான் வரும். அது ரொம்ப அதிகம்னு தோணுச்சுன்னா எல்லையை 360-ல இருந்து மேல தள்ளுங்க.

சாஃப்ட் பிட்டி எனக்குப் பிடிச்ச முறை. 180 ஐட்டம் தாண்டினதுக்கு அப்புறம் ஒவ்வொரு ஐட்டத்துக்கும் லெஜண்டரி வெயிட்டை 1 கூட்டிட்டே போங்க. 240-வது ஐட்டத்துல வெயிட் 70, மொத்தம் 1860, சான்ஸ் 3.8% ஆயிடும். கண்டிப்பா தர்ற அந்த ஒரு நொடி கிடையாது, அதனால ஆடறவனுக்கு தர்மம் போட்ட மாதிரி தோணாது, அவனோட அதிர்ஷ்டம்னே நினைச்சுக்குவான்.

இதுக்கு நல்ல நிஜ உதாரணம் கென்ஷின் இம்பாக்ட். கேரக்டரைக் குலுக்கி எடுக்கற பேனர்ல உச்ச டயரான 5 ஸ்டாரோட அடிப்படை ரேட் 0.6%, 90-வது தடவை கண்டிப்பா, பிட்டியையும் சேர்த்த மொத்த ரேட் 1.6%னு அவங்களே கேமுக்குள்ள போட்டிருக்காங்க. இப்ப 0.6%-ஐ 89 தடவை அப்படியே வெச்சு 90-ல மட்டும் கண்டிப்பா கொடுத்தா மொத்த ரேட் 1.43% சொச்சம்தான் வரும், 1.6% வரவே வராது. ஆக 90-க்கு முன்னாடியே எங்கயோ சான்ஸ் ஏறுதுங்கறது அவங்க போட்ட நம்பர்லயே தெரியுது. ஆடறவங்க ரெக்கார்டு எல்லாம் சேர்த்துப் பார்த்து 74 வாக்குல இருந்து ஏறுதுன்னு சொல்றாங்க.

கவுன்டரை எங்க வைக்கறீங்கங்கறதையும் யோசிச்சு வைங்க. கேரக்டருக்கு ஒண்ணா, அக்கவுண்டுக்கு ஒண்ணா? ஈவண்ட் முடிஞ்சா சைபராகுமா? 350-ல நிக்கறவனோட கவுன்டரை ஒரு அப்டேட்ல தெரியாம அழிச்சீங்கன்னா அவனைத் திரும்ப பார்க்கவே மாட்டீங்க.

லக் ஸ்டாட் வைக்கறோம். "+100% மேஜிக் ஃபைண்ட்"னு போட்டா லெஜண்டரி ரெண்டு மடங்கா விழுமா?

எந்த வெயிட்டை பெருக்கறீங்கங்கறதைப் பொறுத்தது. லெஜண்டரியை மட்டும் 10-ல இருந்து 20 ஆக்கினா மொத்தம் 1810, சான்ஸ் 1.1%, கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. ஆனா காமன் தவிர எல்லாத்தையும் ரெண்டு மடங்கு ஆக்கினா, பொதுவா அப்படித்தான் செய்யத் தோணும், மொத்தம் 2420 ஆயிடும், லெஜண்டரி சான்ஸ் 0.83%. ஒன்றரை மடங்குதான். ஐட்டம்ல 100%னு எழுதியிருக்கு, கிடைக்கறது 49%.

டயாப்லோ 2 இதை வேணும்னேதான் மட்டுப்படுத்தி வெச்சிருக்கு. யூனிக்குக்கு உங்க மேஜிக் ஃபைண்ட் அப்படியே போகாது, இந்த ஃபார்முலாவுல போகும்:

```
effective_mf = mf * 250 / (mf + 250)
```

300% போட்டவனுக்கு யூனிக் விஷயத்துல 136% தான் வேலை செய்யும், எவ்ளோ சேர்த்தாலும் 250-ஐத் தாண்டவே முடியாது. செட்டுக்கு 250-க்கு பதிலா 500, ரேருக்கு 600, மேஜிக்குக்கு குறைப்பே கிடையாது. மேல போகப் போக இறுக்கம். லக் ஸ்டாட் வைக்கறதா இருந்தா இப்படி ஒரு கூரை வெச்சே ஆகணும், இல்லன்னா எல்லாரும் அடிக்கற கியரைக் கழட்டிட்டு லக் கியரை மாட்டிட்டு சுத்துவாங்க.

லெஜண்டரின்னா ரேரை விட டேமேஜ் நம்பர் பெருசா இருந்தா போதும் தானே?

அப்படி வெச்சா ரேரிட்டிங்கறது லெவலுக்கு இன்னொரு பேர் ஆயிடும். லெவல் 20 லெஜண்டரி கத்தியை லெவல் 24 காமன் கத்தி தோக்கடிச்சுடும், அவ்ளோ கஷ்டப்பட்டு கிடைச்சதை ஒரு மணி நேரத்துல விக்க வேண்டியதாயிடும். இல்ல லெஜண்டரி நம்பரை ரொம்பப் பெருசா வெச்சீங்கன்னா அதுக்கப்புறம் அஞ்சு லெவலுக்கு கீழ விழற எதுக்கும் மதிப்பே இருக்காது, மான்ஸ்டரைக் கொன்னுட்டு கீழ குனிஞ்சு கூட பார்க்க மாட்டான்.

நம்பரை ஓரளவு நெருக்கமா வெச்சுட்டு, மேல போகப் போக ஐட்டம் என்ன பண்ணுதுங்கறதை மாத்துங்க. அன்காமனுக்கு ஒரு எக்ஸ்ட்ரா ஸ்டாட், ரேருக்கு மூணு, எபிக்குக்கு நாலு கூடவே ஒரு ஸ்கில் போனஸ். லெஜண்டரிக்கு வேற எதுலயும் கிடைக்காத ஒரு விதி, "தீ அம்பு விட்டா மூணா பிரியும்" மாதிரி. நம்பர் பழசாகும், விதி அவ்ளோ சீக்கிரம் பழசாகாது.

டயாப்லோ 3 இதுல நல்ல பாடம். 2012-ல வந்தப்ப ஐட்டத்தை ஏலத்துல வாங்க விக்க ஆக்ஷன் ஹவுஸ் இருந்துச்சு, தனக்கு விழறதை விட காசு கொடுத்து வாங்கறது சுலபமா இருந்துச்சு, லெஜண்டரியே விழுந்தாலும் உங்க கிளாஸுக்கு சம்பந்தமில்லாத ஸ்டாட்டோட விழும். மந்திரவாதிக்கு எதுக்கு பலம்? 2014-ல லூட் 2.0னு மொத்தத்தையும் மாத்தினாங்க. குறைவா விழும், ஆனா பெரும்பாலும் ஆடற கிளாஸுக்கு ஏத்த ஸ்டாட்டோட விழும், லெஜண்டரிக்கு ஆட்டத்தையே மாத்தற பவர் வந்துச்சு. அதே வருஷ மார்ச்ல ஆக்ஷன் ஹவுஸையும் மூடிட்டாங்க.

டேபிள் சரியா வேலை செய்யுதான்னு டெஸ்ட் பண்றது எப்படி? நூறு தடவை ஓட்டினேன், ஒரு லெஜண்டரி கூட வரல.

நூறு பத்தாது, அதுல ஒண்ணும் வராம போக 57% சான்ஸ் இருக்கு. 60,000 தடவை ஓட்டுங்க, கம்ப்யூட்டருக்கு அது ஒரு நொடி கூட ஆகாது. 333 வரணும். அப்படியே 333 வராது, 20-க்கு 19 தடவை 297-ல இருந்து 370-க்குள்ள இருக்கும். 250 வந்தாலோ 450 வந்தாலோ எங்கயோ தப்பு இருக்கு, வேற பேச்சே இல்ல.

தப்பு வழக்கமா எங்க இருக்கும்னா, ரேண்டம் நம்பர் ஃபங்ஷனோட எல்லையில. சில லாங்குவேஜ்ல மேல் எல்லையும் சேரும், சிலதுல சேராது. சேர்ற ஃபங்ஷனுக்கு 1800-னு கொடுத்துட்டா சில தடவை லிஸ்ட் முழுக்க தாண்டி ஒண்ணுமே திரும்பாது, ஐட்டம் மாயமாயிடும். இன்னொண்ணு ஒவ்வொரு டிராப்புக்கும் கடிகாரத்தை வெச்சு புதுசா சீட் போடறது. ஒரே நொடில செத்த பத்து மான்ஸ்டரும் ஒரே மாதிரி ஐட்டம் போடும். ஆரம்பத்துல ஒரு தடவை சீட் போட்டுட்டு விட்டுடுங்க.

டயர் எண்ணிக்கை சரியா வந்ததுக்கப்புறம் 10,000 போலி ஆட்டக்காரர்களை தலா 20 மணி நேரம் ஓட்டி, முதல் லெஜண்டரி எப்போ வந்துச்சுன்னு வரிசைப்படுத்தி கடைசி 500 பேரை மட்டும் உக்காந்து படிங்க. பிட்டி கவுன்டர்ல பக் இருந்தா இங்கதான் மாட்டும்.

இதையே காசுக்கு விக்கற பாக்ஸ்ல போடலாமா?

கணக்கு அதேதான், சட்டம்தான் வேற. சீனாவுல 2017 மே மாசத்துல இருந்து சான்ஸை வெளில சொல்லியாகணும், அதே வருஷ டிசம்பர்ல ஆப்பிளும் ஆப் ஸ்டோர்ல அதைக் கட்டாயமாக்கிடுச்சு. தென் கொரியாவுல 2024-ல இருந்து சட்டம். பெல்ஜியத்துல 2018-ல இந்த மாதிரி பாக்ஸை சூதாட்டம்னே சொல்லிட்டாங்க.

அப்படி சீனாவுல வெளிய வந்ததுதான் கவுண்டர்-ஸ்ட்ரைக் கேம்ல வர்ற "கேஸ்"ங்கற பாக்ஸோட நம்பர்: 79.92%, 15.98%, 3.2%, 0.64%, கத்தி வர்ற அந்தக் கடைசி டயர் 0.26%. ஒவ்வொரு படிக்கும் அஞ்சுல ஒரு பங்கா இறங்குது, கடைசிப் படி மட்டும் அவ்ளோ செங்குத்து இல்ல. கத்திக்கு சராசரியா 385 கேஸ் திறக்கணும், ஒவ்வொண்ணுக்கும் சாவி காசு கொடுத்து வாங்கணும். மான்ஸ்டர் கொல்லற கேம்ல 180-ல 1 தவறிப் போனா ஆளுக்கு ஒரு சாயங்காலம்தான் போகும், இங்க போறது பணம், அதனால பிட்டி இல்லாத பாக்ஸை காசுக்கு விக்கறது எனக்கு சுத்தமா பிடிக்காது.

அடுத்த அப்டேட்ல 5 புது லெஜண்டரி சேர்க்கறோம், 20 இருந்தது 25 ஆகுது. டேபிள்ல எதையாவது மாத்தணுமா?

டயர் டேபிளைத் தொட வேண்டாம், 3 மணி நேரத்துக்கு ஒண்ணு அப்படியேதான் இருக்கும். ஆனா ஆடறவன் "ஏதோ ஒரு லெஜண்டரி" தேடறது முதல் வாரம்தான், அதுக்கப்புறம் அவன் பில்டுக்கு வேண்டிய அந்த ஒண்ணைத்தான் தேடுவான். 20 இருந்தப்ப குறிப்பிட்ட ஒண்ணுக்கு சராசரியா 60 மணி நேரம், இப்ப 75. எல்லாத்தையும் சேர்க்கணும்னு நினைக்கறவனுக்கு இன்னும் மோசம், கடைசி ஒண்ணு ரெண்டு வரவே வராம இழுக்கும், 216 மணி நேரமா இருந்தது 286 ஆயிடும். ஆர்வமா கன்டென்ட் கொடுத்தீங்க, அவன் தேடறது இன்னும் எட்டாத தூரத்துக்குப் போயிடுச்சு.

லெஜண்டரி வெயிட்டைக் கூட்டி சரி பண்ணப் பாக்காதீங்க, அப்ப கீழ எல்லாம் ஆரஞ்சாத்தான் கிடக்கும். அதுக்கு பதிலா லிஸ்ட்டைப் பிரிங்க. அஞ்சு பாஸ் மான்ஸ்டர் இருக்குன்னா ஒவ்வொரு பாஸுக்கும் அஞ்சு லெஜண்டரி, அந்த பாஸ் ஏரியால லெஜண்டரி ரோல் ஆனா பாதி தடவை அந்த அஞ்சுல இருந்து, மீதி பாதி 25-ம் இருக்கற பொது லிஸ்ட்ல இருந்து. தேடறவன் சரியான ஏரியாவுல ஆடினா அவனுக்கு வேண்டியது ஒவ்வொரு லெஜண்டரிக்கும் 12% சான்ஸ்ல வரும், 25 மணி நேரம் சராசரி. டயர் டேபிள்ல ஒரு நம்பர் கூட மாறல.